சரக்கு இருப்பு வயது அறிக்கை: 31.03.2025

இடம்: சேலம் மின்பொருள் மொத்த விற்பனைக் கடை, பிரதான குடோன்
பெறுநர்: உரிமையாளர்
அனுப்புநர்: கணக்குப் பிரிவு

மதிப்பு அனைத்தும் ஜிஎஸ்டி சேர்க்காத கொள்முதல் விலையில். முதலில் வந்தது முதலில் போனதாகக் கொண்டு, மீதமுள்ள சரக்குக்குக் கொள்முதல் பில் தேதியிலிருந்து நாட்கள் எண்ணப்பட்டுள்ளன.

| வந்து ஆன நாட்கள் | மதிப்பு (ரூ.) | பங்கு |
|---|---|---|
| 0–30 | 18,42,000 | 36.7% |
| 31–60 | 11,65,000 | 23.2% |
| 61–90 | 6,38,000 | 12.7% |
| 91–180 | 5,74,000 | 11.4% |
| 181–365 | 4,16,000 | 8.3% |
| 365-க்கு மேல் | 3,85,000 | 7.7% |
| மொத்தம் | 50,20,000 | 100% |

180 நாளைத் தாண்டியது 8,01,000 ரூபாய். ஓவர்டிராஃப்ட் வட்டி 10.5% என்று வைத்தால் இதற்கு மட்டும் மாதம் சுமார் 7,000 ரூபாய் போகிறது. நம் வங்கி 90 நாளுக்கு மேற்பட்ட சரக்கை டிராயிங் பவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வகையில் 13,75,000 ரூபாய்ச் சரக்கு குடோனில் இருந்தும் கடன் வரம்புக்கு உதவவில்லை.

தேதி பற்றி ஒரு விஷயம்

சூரமங்கலம் குடோனைக் காலி செய்தபோது வந்த சிஎஃப்எல் பல்புகளும் பழைய சுவிட்ச் பிளேட்டுகளும் (2,01,100 ரூபாய்) கணினியில் ஜனவரி 18 அன்று புதிய வரவாகப் பதிவாகியுள்ளன. அதை அப்படியே எடுத்தால் இவை 72 நாள் சரக்காகத் தெரியும்; 365-க்கு மேற்பட்டது 1,83,900 ரூபாய்தான் என்று காட்டும். இந்த அறிக்கையில் பழைய பில் தேதியையே எடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர் திருப்பித் தந்த சரக்குக்கும் அப்படியே. இடம் மாறினால் சரக்குக்கு வயது குறையாது.

365 நாளுக்கு மேல்: 3,85,000

சிஎஃப்எல் பல்புகள், 62,400. எல்இடி வந்த பிறகு இதைக் கேட்டு யாரும் வருவதில்லை. விலையைக் குறைத்தாலும் போகாது. பாதரசம் இருப்பதால் குப்பையில் போடவும் கூடாது. அங்கீகாரம் பெற்ற இ-கழிவு நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். கணக்கிலிருந்து நீக்கும்போது, வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரியை ஜிஎஸ்டி சட்டம் 17(5)(h) பிரிவின்படி திருப்ப வேண்டும். குறைந்த விலைக்கு விற்றால் அந்தத் தொல்லை இல்லை. எனவே வேறெந்தச் சரக்கையும் நீக்குவதற்கு முன் விற்கப் பார்ப்பதே லாபம்.

சுவிட்ச் பிளேட்டுகள், 1,38,700. கம்பெனி அந்த வரிசையை நிறுத்திவிட்டது. புது வீட்டு வேலைக்குப் போகாது. பழைய வீடுகளில் உடைந்ததை மாற்ற எலக்ட்ரீஷியன்கள் தேடுகிறார்கள். மொத்தமாகத் தந்தால் 55,000 கிடைக்கலாம்.

சீலிங் ஃபேன்கள், 46 எண்ணம், 52,900. 2022 ஆகஸ்டில் வந்தவை, ஸ்டார் லேபிள் இல்லாதவை. 01.01.2023 முதல் சீலிங் ஃபேனுக்கு அந்த லேபிள் கட்டாயமான பிறகு வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். கோடை இப்போதுதான் தொடங்குகிறது. ஒன்று 800-க்குக் கொடுத்தால் மே மாதத்துக்குள் தீரும்.

4 சதுர மி.மீ. வயர், 25 காயில், 1,31,000. வயதைப் பார்த்து இதைத் தள்ளுபடியில் விட்டுவிடாதீர்கள். வாங்கியதற்குப் பின் செம்பு விலை ஏறியிருக்கிறது. இன்றைய விலைப்பட்டியலிலேயே விற்கலாம். உள்ளே மாட்டிக்கிடந்ததுதான் காரணம், முன் வரிசைக்குக் கொண்டுவந்தால் போதும்.

181–365 நாட்கள்: 4,16,000

இதில் பெரும்பகுதி கீசர்: 58 எண்ணம், 2,61,000. குளிர்கால விற்பனைக்குச் செப்டம்பரில் எடுத்தது. சரக்கு நல்ல சரக்கு, பருவம்தான் போய்விட்டது. இப்போது தள்ளுபடி தருவதை விட நவம்பர் வரை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

இன்வெர்டர் பேட்டரி 10, 1,15,000. 12.09.2024 வரவு, 200 நாள் ஆகிறது. அவசரம் உள்ளது இதற்குத்தான். சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும். நாளானால் தட்டுகளில் சல்பேட் படிந்து திறன் குறையும். இந்த வாரமே சார்ஜ் ஏற்றி, புதிதாக வந்தவற்றுக்கு முன் இவற்றை விற்க வேண்டும்.

மீதி 40,000 சில்லறை உருப்படிகள். 91–180 பகுதியில் இருப்பது எல்இடி டவுன்லைட்டுகளும் எம்சிபியும், ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆண்டு முடிவுக் கணக்கில்

இருப்பை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் குறைந்ததில்தான் காட்ட வேண்டும். அதன்படி குறைக்க வேண்டியது: சிஎஃப்எல் 62,400, பிளேட் 83,700, ஃபேன் 16,100. ஆக 1,62,200 ரூபாய். ஆடிட்டருக்குப் போகும் முன் உங்கள் ஒப்புதல் தேவை.

ஆகஸ்டில் கீசர் ஆர்டர் போடும்போது கையிருப்பு 58-ஐக் கழித்துப் போடவும். கம்பெனி பிரதிநிதி ஸ்கீம் என்று வந்து நின்றாலும் அதற்கு மேல் வேண்டாம்.