வி.பி.என். பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு: 27 மார்ச் 2026

எனக்குப் பின் ஐ.டி. பொறுப்பை ஏற்பவருக்காக இதை எழுதுகிறேன். அலுவலக மேலாளரிடம் அச்சிட்ட பிரதி ஒன்று உள்ளது. வி.பி.என். விழுந்த நாளில் சர்வரில் இருக்கும் குறிப்பை வீட்டிலிருந்து திறக்க முடியாது என்பதே காரணம். கடவுச்சொற்கள் இதில் இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்பது மட்டும் உண்டு.

நேரமில்லை என்றால் இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று, செப்டம்பர் 12, 13 ஆகிய இரு நாள்களில் கிடங்கு இணைப்பின் இரண்டு காலக்கெடுக்கள் முடிகின்றன. இரண்டு, டொமைன் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று திரையில் காட்டும், ஆனால் அதற்குப் பதிவாகியுள்ள அட்டை ஆகஸ்டிலேயே காலாவதியாகிறது.

இணைப்பு எப்படி அமைந்துள்ளது

அலுவலக உள்வலை 192.168.40.0/24. வீடுகளில் உள்ள ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையைப் பயன்படுத்துகின்றன. நாமும் அதையே வைத்திருந்த காலத்தில், வீட்டிலிருந்து கணக்கு சர்வரைத் திறந்தால் வீட்டு பிரிண்டர் பதில் சொன்னது. அதனால்தான் 40. இதை மாற்ற வேண்டாம்.

வி.பி.என். சர்வர் 192.168.40.5. அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள சிறிய பெட்டிதான் அது. டெபியன் 12 ஓடுகிறது. இரண்டு சேவைகள் இருக்கின்றன.

ஊழியர்களுக்கு வயர்கார்டு: யு.டி.பி. 51820, வலை 10.66.0.0/24. கிடங்குக் கிளைக்கு ஓப்பன் வி.பி.என்.: யு.டி.பி. 1194, வலை 10.67.0.0/24, கிடங்கின் உள்வலை 192.168.50.0/24. கிடங்கில் உள்ள பழைய ரவுட்டருக்கு வயர்கார்டு தெரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் இரண்டாவது சேவை உயிரோடு இருக்கிறது. ரவுட்டரை மாற்றினால் சான்றிதழ் வேலை முழுவதும் ஒழியும். இரண்டு முறை கேட்டேன், "வேலை செய்கிறதே" என்றார்கள். நீங்கள் புதியவர் என்பதால் உங்கள் பேச்சு எடுபடலாம்.

இரண்டு போர்ட்களும் அலுவலக ரவுட்டரிலிருந்து இந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டுள்ளன. வேறு எந்தப் போர்ட்டும் வெளியே திறந்திருக்கக் கூடாது. "ஒரு வாரத்துக்கு மட்டும்" ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிடச் சொல்லி யாராவது கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

ஊழியர்களின் இணையப் பயன்பாடு முழுவதும் நம் வழியாக வருவதில்லை; அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் போகும் போக்குவரத்து மட்டுமே வருகிறது. மடிக்கணினிகளில் இருப்பது இதுதான்:

```
AllowedIPs = 10.66.0.0/24, 192.168.40.0/24, 192.168.50.0/24
Endpoint = vpn.example.net:51820
PersistentKeepalive = 25
```

சர்வரில் முகவரி மாற்றம் எதுவும் செய்யவில்லை. 10.66.0.0/24, 192.168.50.0/24 இரண்டுக்குமான பாதைகள் அலுவலக ரவுட்டரில் 192.168.40.5 நோக்கிப் போடப்பட்டுள்ளன. இதனால் கணக்கு சர்வரின் பதிவுகளில் யார் வந்தார் என்று அவரவர் முகவரியோடு தெரியும். ரவுட்டரை மாற்றினால் இந்த இரண்டு வரிகளையும் மறக்காதீர்கள். மறந்தால் இணைப்பு கிடைத்ததாகவே காட்டும், ஆனால் எதுவும் திறக்காது.

வெளித் தணிக்கையாளரின் முகவரி 10.66.0.40. அவர் 192.168.40.20 என்ற ஒரு கணினிக்கு மட்டும் போக முடியும். அந்த விதி `/etc/nftables.conf` கோப்பில் உள்ளது.

பயனர்களும் சாவிகளும்

இன்று 14 சாவிகள் உள்ளன. ஒரு ஆளுக்கு ஒன்று அல்ல, ஒரு கருவிக்கு ஒன்று. `/etc/wireguard/wg0.conf` கோப்பில் ஒவ்வொரு சாவிக்கும் மேலே யாருடையது, எந்தக் கருவி, எந்த நாளில் கொடுத்தது என்று எழுதியிருக்கிறேன். இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பெயரில்லாத 44 எழுத்துச் சரத்தைப் பார்த்து அது யாருடையது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

வயர்கார்டு சாவிக்குக் காலாவதி கிடையாது. இதனால் எனக்கு நிறைய வேலை மிச்சமானது, ஆபத்தும் இதில்தான். வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலை மூடினாலும், கணினிக் கணக்கை முடக்கினாலும், அவருடைய சாவி திறந்தபடியே இருக்கும். சென்ற ஆண்டு ஒருவர் விலகிப் பதினொரு வாரம் கழித்து அவர் சாவி பட்டியலில் இருப்பதைக் கண்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பாக எதுவும் நடக்கவில்லை, அது அதிர்ஷ்டம். இப்போது விலகல் படிவத்தில் "வி.பி.என். சாவி நீக்கப்பட்டது" என்ற வரி இருக்கிறது. அதில் உங்கள் கையெழுத்து விழாமல் கடைசிச் சம்பளம் போகாது.

நீக்குவதற்கு அந்தப் பகுதியைக் கோப்பிலிருந்து அழித்துவிட்டு இதை ஓட்டுங்கள். மற்றவர்களின் இணைப்பு அறாது:

```
sudo bash -c 'wg syncconf wg0 <(wg-quick strip wg0)'
```

புதிதாகச் சேர்க்கும்போது ஒரு பொறி உண்டு. ஒரே முகவரியை இருவருக்குக் கொடுத்துவிட்டால் பிழைச் செய்தி வராது. பின்னால் வருபவர் அந்த முகவரியை எடுத்துக்கொள்வார். முன்னவருக்குச் சத்தமில்லாமல் நின்றுபோகும். அடுத்து காலியாக உள்ள முகவரி 10.66.0.25.

கணக்குகள்

எல்லாக் கடவுச்சொற்களும் `vault.kdbx` என்ற கீபாஸ் கோப்பில் இருக்கின்றன. அதன் பிரதிகள் கோப்பு சர்வரிலும் நிறுவனரின் யு.எஸ்.பி. குச்சியிலும் உள்ளன. திறக்கும் சொற்றொடர் ஒட்டிய உறையில், நிறுவனரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உறையை நேற்று அவர் முன்னிலையில் பிரித்து, திறந்து பார்த்து, புதிய உறையில் ஒட்டினோம்.

டொமைன் கணக்கு பல ஆண்டுகளாக என் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரியில் அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றினேன். நினைவூட்டல்கள் `it@example.net` முகவரிக்குப் போகின்றன. ஆனால் அந்த முகவரியே இந்த டொமைனில்தான் நிற்கிறது. டொமைன் போனால் நினைவூட்டலும் போகும். அதனால் வேறு டொமைனில் உள்ள நிறுவனரின் முகவரியை இரண்டாம் தொடர்பாகச் சேர்த்திருக்கிறேன்.

டொமைன், இணையச் சேவை நிறுவனம், மின்னஞ்சல் நிர்வாகம் மூன்றுக்கும் இரண்டாம் அடையாளக் குறியீடு வேண்டும். அது அலுவலகக் கைப்பேசியில் வரும். கைப்பேசி மேலாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அது தொலைந்தால் பயன்படுத்த வேண்டிய மாற்றுக் குறியீடுகள் கீபாஸில் உள்ளன.

சர்வரில் நுழைய `opsadmin` என்ற கணக்கு. கடவுச்சொல் ஏற்காது, எஸ்.எஸ்.எச். சாவி மட்டுமே. உங்கள் சாவியைச் சேர்த்து, இருவரும் சேர்ந்து நுழைந்து பார்த்துவிட்டோம்.

தேதிகள்

| எப்போது முடிகிறது | எது |
|---|---|
| 2026 ஆகஸ்ட் 31 | டொமைன் கணக்கில் உள்ள கட்டண அட்டை |
| 2026 செப்டம்பர் 12 | ஓப்பன் வி.பி.என். ரத்துப் பட்டியல் |
| 2026 செப்டம்பர் 13 | ஓப்பன் வி.பி.என். சர்வர் சான்றிதழ் |
| 2026 நவம்பர் 18 | டொமைன் |
| 2026 டிசம்பர் | யு.பி.எஸ். பேட்டரி (2023 டிசம்பரில் போட்டது) |
| 2027 ஜனவரி 31 | நிலையான ஐ.பி. ஒப்பந்தம் |
| 2027 மே 9 | கிடங்கு ரவுட்டரின் சான்றிதழ் |
| 2028 ஜூன் 1 | ஓப்பன் வி.பி.என். மூலச் சான்றிதழ் |
| 2028 ஜூன் 30 | டெபியன் 12 நீண்டகால ஆதரவு |

செப்டம்பர் 12 சனிக்கிழமை. அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. திங்கள் காலை கிடங்கில் சரக்குப் பதிவு திறக்காதபோதுதான் தெரியும். ரத்துப் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லாவிட்டாலும் அதற்கும் ஆயுள் உண்டு: 180 நாள். அது முடிந்தால் நல்ல சான்றிதழ் வைத்திருப்பவரையும் சர்வர் உள்ளே விடாது. பதிவில் `CRL has expired` என்று மட்டும் சொல்லும். முதல் முறை இதைப் பார்த்தபோது அரை நாள் கிடங்கு ரவுட்டரைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். பிழை இருந்தது நம் பெட்டியில்.

சர்வர் சான்றிதழோடு ஒரே வாரத்தில் வரட்டும் என்றுதான் மார்ச் 16 அன்று பட்டியலைப் புதுப்பித்தேன். செப்டம்பர் 7 திங்களன்று இரண்டையும் சேர்த்து முடித்துவிடுங்கள். ரூட்டாக நுழைந்து:

```
cd /etc/openvpn/easy-rsa
./easyrsa gen-crl
./easyrsa build-server-full server2026 nopass
cp pki/crl.pem /etc/openvpn/server/
chmod 644 /etc/openvpn/server/crl.pem
```

மூலச் சாவியின் சொற்றொடரை இரண்டு முறை கேட்கும். அது கீபாஸில் உள்ளது. பிறகு புதிய சான்றிதழையும் சாவியையும் `server.conf` கோப்பில் காட்டி, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். `chmod` வரியை விட்டுவிடாதீர்கள். சேவை குறைந்த உரிமையில் ஓடுகிறது. அதனால் கோப்பைப் படிக்க முடியாமல் போனாலும் கிடங்கு துண்டிக்கப்படும். கிடங்கு ரவுட்டர் சர்வரின் பெயரைச் சரிபார்ப்பதில்லை. அங்கே எதையும் தொட வேண்டியதில்லை.

விழுந்தால் எங்கே பார்ப்பது

முதலில் சர்வரில் `sudo wg show`. இணைந்த ஒவ்வொரு சாவிக்கும் `latest handshake` என்ற வரி இருக்கும். சிலருக்கு மட்டும் பழைய நேரம் காட்டினால் கோளாறு அவர்கள் பக்கம். எல்லோருக்கும் என்றால் நம் பக்கம். வெளியிலிருந்து 51820 போர்ட்டைச் சோதித்துப் பயனில்லை. சரியான சாவியில்லாத யாருக்கும் வயர்கார்டு பதிலே சொல்லாது. நல்ல நிலையிலும் செத்ததுபோலவே தெரியும்.

எல்லோருக்கும் போய்விட்டால் ரவுட்டரின் வெளிப்பக்க ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 203.0.113.42 என்றிருக்க வேண்டும். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால், சேவை நிறுவனம் நம்மைப் பலர் பகிரும் முகவரியின் பின்னால் தள்ளிவிட்டது என்று பொருள்; வெளியிலிருந்து எவரும் உள்ளே வர முடியாது. 2024-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தவறியபோது இதுதான் நடந்தது. உள்ளிருந்து இணையம் அழகாக ஓடியது, அதனால் அழைப்பு மையத்தில் இருந்தவர் பிரச்சினையே இல்லை என்று சாதித்தார். "நிலையான ஐ.பி. போய்விட்டது" என்று சொன்ன பிறகே வேலை நடந்தது. அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள்.

ஒருவருக்கு மட்டும் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் உள் பேட்டரி செத்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தது. முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வரும் கைகுலுக்கலை வயர்கார்டு ஏற்பதில்லை. தேதியைத் திருத்தியதும் நொடியில் இணைந்தது. கைப்பேசி இணையத்தில் இருந்துகொண்டு, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, பெரிய கோப்புகள் தொங்குகின்றன என்று யாராவது சொன்னால் அவர் கோப்பில் `MTU = 1380` சேர்த்துப் பாருங்கள்.

முடிக்காமல் விட்டவை

மூலச் சாவி அதே சர்வரில் இருக்கிறது. தனிக் குச்சிக்கு மாற்றியிருக்க வேண்டும். `/etc` முழுவதும் இரவு தோறும் கோப்பு சர்வருக்குப் பிரதியாகிறது, ஆனால் அதிலிருந்து புதிய பெட்டியை எழுப்பிப் பார்த்ததில்லை. பிரதி இருக்கிறது என்றுதான் என்னால் சொல்ல முடியும், மீட்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் முதல் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

என்னுடைய சாவிகள் இரண்டு: 10.66.0.10 மடிக்கணினி, 10.66.0.11 கைப்பேசி. இன்று மாலை 5 மணிக்கு இரண்டையும் நீங்களே நீக்குங்கள். `opsadmin` கணக்கின் `authorized_keys` கோப்பில் முதல் வரி என்னுடையது, அதையும். பிறகு நான் வெளியிலிருந்து இணைய முயல்கிறேன். உள்ளே வர முடியவில்லை என்று உறுதியானதும் விலகல் படிவத்தில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.