பழைய எண் 14

ஆரிய கவுடா சாலையில் அயோத்தியா மண்டபத்தைத் தாண்டி முருகேசன் வண்டியை ஓரங்கட்டியபோது மணி 7.40. லொகேஷன் நடுரோட்டைக் காட்டியது. வெளியூரிலிருந்து ஏரியா பெயரை மட்டும் தேடி ஆர்டர் போட்டால் மேப் பின் இப்படித்தான் மெயின் ரோட்டில் விழும்.

குறிப்பைப் படித்தான்: "நம்பர் 14, பிள்ளையார் கோயில் சந்து, பச்சை கேட், மாடி. அம்மா தனியா இருக்காங்க. வீட்டு ஃபோனுக்குப் போடவும்."

ஆர்டர் போட்ட மகனின் செல் ஸ்விட்ச் ஆஃப். வீட்டு ஃபோனில் ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. சந்து முனையில் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் கேபிள் அறுந்து தொங்கியது. லைன் செத்திருந்தாலும் கூப்பிடுகிறவர் காதில் ரிங் கேட்கும்.

'வந்துவிட்டேன்' பட்டனை அவன் அழுத்தவில்லை. அழுத்தினால் காத்திருப்பு நேரம் ஓட ஆரம்பித்துவிடும்; முடிந்ததும் ஆர்டரை ரத்து செய்யச் சொல்லும். அந்த அம்மா இரவு பட்டினி.

14-ஆம் எண்ணில் அடுக்குமாடி. "இங்க யாரும் இட்லி கேக்கலையேப்பா," என்றார் வாட்ச்மேன். தூணில் 'புதிய எண் 14, பழைய எண் 6' என்றிருந்தது. அப்படியானால் குறிப்பில் இருப்பது பழைய எண். கணக்குப் போட்டும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி சந்து நெடுக ஒரே மாதிரி இருப்பதில்லை.

இஸ்திரி வண்டிக்காரர் கரியை அணைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எண்ணைக் கேட்டுப் பயனில்லை, ஆளைத்தான் கேட்க வேண்டும்.

"அண்ணே, மாடியில தனியா ஒரு வயசான அம்மா, பையன் வெளியூரு. பச்சை கேட்டுன்னு போட்டிருக்கு."

"தோ, எதிர் வீடு. கேட்டுக்கு பெயின்ட் மாத்திட்டாங்க, தம்பி."

கேட் பழுப்பாக இருந்தது. கீல் உரசும் இடத்தில் மட்டும் பழுப்பு உரிந்து அடியில் பச்சை தெரிந்தது. டார்ச் அடித்தான். மாடிப்படிக்குக் கீழே ஈ.பி. மீட்டர் பெட்டியில் பெயின்டில் எழுதிய '14' பாதி அழிந்திருந்தது. இனி சந்தேகமில்லை. படி வீட்டின் பின்பக்கம்.

கதவைத் திறந்த அம்மா, "ஃபோன் அடிக்கவே இல்லையேப்பா," என்றார்.

"லைன் கட்டாயிருக்குங்கம்மா. முனையில கேபிள் அறுந்து கிடக்கு, கம்ப்ளெய்ன்ட் குடுங்க. இட்லி இன்னும் சூடாத்தான் இருக்கு." சட்னி, சாம்பார் பாக்கெட் ஒழுகவில்லையே என்று ஒருமுறை தடவிப் பார்த்துப் பையை நீட்டினான். "நாளைக்கு வேற பையன் வருவான்மா. அட்ரஸை மாத்தச் சொல்லுங்க."

"எனக்குச் சொல்லத் தெரியாதுப்பா. எழுதிக் குடுத்துடு."

கேட் தூணில் பார்த்து வந்த புதிய எண்ணோடு பில்லின் பின்பக்கம் எழுதினான்:

"புதிய எண் 31, பழைய எண் 14. இஸ்திரி வண்டிக்கு எதிரே, பழுப்பு கேட். படி பின்பக்கம். மேப் பின்னை இந்த வீட்டு மேலேயே வைக்கவும். பக்கத்து வீட்டு செல் நம்பரும் சேர்க்கவும்."