மளிகைக் கடை பில்லிங் செயலிக் குழுவின் பணி உடன்பாடு: ‘முடிந்தது’ என்பதன் வரையறையும் கான்பன் பலகையின் வரம்புகளும்

இந்த உடன்பாடு 2025 டிசம்பர் 1, திங்கட்கிழமை முதல் நடைமுறைக்கு வருகிறது. சர்வர் பக்கம் இரண்டு டெவலப்பர்கள், ஆண்ட்ராய்டு செயலிக்கு ஒருவர், சோதனையாளர் ஒருவர், கடைக்காரர்களோடு பேசும் ஆதரவுப் பொறுப்பாளர் ஒருவர் என நம் குழுவின் ஐந்து பேருக்கும் இது பொருந்தும்.

இன்றைய நிலவரப்படி, தொடங்கப்பட்டு இன்னும் கடைக்காரர் கைக்குப் போய்ச் சேராத பணிகள் 19 உள்ளன. அவற்றில் 11 உருவாக்கத்திலும், ஒன்று ரிவ்யூவிலும், 6 சோதனையிலும், ஒன்று வெளியீட்டுக்குக் காத்தும் நிற்கின்றன. சராசரியாக வாரத்துக்கு ஐந்து பணிகளை நாம் முடிக்கிறோம். வரிசைக் கோட்பாட்டில் லிட்டில் விதி எனப்படும் கணக்கின்படி, நடந்துகொண்டிருக்கும் பணிகளின் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு பணி முடியச் சராசரியாக எவ்வளவு காலம் ஆகும் என்பது கிடைக்கும். 19-ஐ ஐந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட நான்கு வாரம் வருகிறது. யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாமல், கையில் உள்ளவற்றைப் பத்தாகக் குறைத்தாலே அது இரண்டு வாரமாகிவிடும். கான்பன் பலகையின் நிரல்களில் ஒரே நேரத்தில் இத்தனை பணி அட்டைகளே இருக்கலாம் என்று வரம்புகள் வைப்பதற்கான முதல் காரணம் இதுதான். யார் எவ்வளவு வேலை செய்கிறார் என்று கண்காணிப்பது இவற்றின் நோக்கம் அல்ல. அதற்காக இந்தப் பலகையை யாரும் எந்தக் காலத்திலும் பயன்படுத்தக் கூடாது.

‘முடிந்தது’ என்பதன் வரையறை

ஒரு பணி கடைக்காரரின் கையில் சென்று, ஒரு முழு வியாபார நாள் சிக்கலின்றி ஓடிய பிறகே அதன் அட்டை ‘முடிந்தது’ நிரலுக்குப் போகும். டெவலப்பரின் கணினியில் ஓடுவதையோ, சோதனைச் சர்வரில் ஓடுவதையோ முடிந்ததாகக் கொள்ள மாட்டோம். அட்டை அங்கே போவதற்குக் கீழ்க்கண்டவை அனைத்தும் நிறைவேறியிருக்க வேண்டும்.

1. பணி தொடங்கும் முன்பே அட்டையில் எழுதப்பட்ட ஏற்பு நிபந்தனைகள் ஒவ்வொன்றும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். நிபந்தனை எழுதப்படாத அட்டையை யாரும் எடுக்கக் கூடாது.

2. எழுதியவர் அல்லாத இன்னொரு டெவலப்பர் கோடு முழுவதையும் படித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். தானியங்கிச் சோதனைகள் எல்லாம் தேறிய பிறகே அது `main` கிளையில் சேர்ந்திருக்க வேண்டும். பிழைத்திருத்தம் என்றால், பழைய கோடில் தோற்று, புதிய கோடில் தேறும் ஒரு சோதனையும் அதோடு சேர வேண்டும்.

3. வரியைத் தொடும் எந்தப் பணியிலும், கையால் கணக்கிட்ட மாதிரி பில்களோடு பைசா பிசகாமல் ஒப்பிட்டிருக்க வேண்டும். உதாரணமாக, 100.50 ரூபாய் மதிப்புக்கு 5 சதவீத வரியை மொத்தமாகக் கணக்கிட்டுப் பைசாவுக்கு முழுமையாக்கினால் 5.03 வருகிறது; சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டையும் தனித்தனியே 2.5 சதவீதமாகக் கணக்கிட்டால் 2.51 வீதம் 5.02 வருகிறது. நம் செயலி இரண்டாம் முறையையே எல்லாத் திரைகளிலும் பின்பற்ற வேண்டும். ஒரு பில்லில் ஒரு பைசா என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மாத முடிவில் பில்களின் கூட்டுத்தொகையும் அறிக்கையின் தொகையும் ஒத்துப்போகாதபோது, கடைக்காரரின் கணக்காளர் ஒரு முழு நாளை அதில் செலவிட நேர்கிறது. விற்பனைத் திரும்பலையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்: 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி நெய் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது, அதற்கு முன் விற்ற நெய் டப்பா திரும்பி வந்தால், விற்ற நாளின் விகிதத்திலேயே வரி கழிக்கப்பட வேண்டும்.

4. பில் அச்சு தொடர்பான பணி என்றால், 58 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் ஆகிய இரு அளவுத் தெர்மல் பிரிண்டர்களிலும் தாளில் அச்சிட்டுப் பார்த்திருக்க வேண்டும். திரையில் தெரியும் முன்னோட்டம் இதற்குப் போதாது. மலிவான பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது என்பதால் பொருள் பெயர்களைப் படமாக மாற்றியே அனுப்புகிறோம். அந்த வழி எங்காவது தவறினால் ‘கொத்தமல்லித் தூள்’ என்பதன் கொம்பும் காலும் பிரிந்துபோகும். சிறிய தாளில் நீளமான பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கி விலையின் மேல் ஏறிவிடும். சோதனைக்கு வைத்திருக்கும் பொருள் பட்டியலில் ஒகர, ஓகார எழுத்துகள் உள்ள பெயர்களும் நீளமான பெயர்களும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை நீக்க வேண்டாம்.

5. இணையம் துண்டிக்கப்பட்ட நிலையில் பில் போட்டு, பிறகு இணைப்பைத் தந்து, பில் எண்கள் இரட்டிப்பாகாமல் சர்வரில் சேர்வதைப் பார்த்திருக்க வேண்டும்.

6. தரவுத்தள அமைப்பு மாறினால், பழைய நிலைக்குத் திரும்பும் வழி அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைகள் ஒரே நாளில் செயலியைப் புதுப்பிப்பதில்லை. எனவே முந்தைய பதிப்புச் செயலியும் புதிய சர்வரோடு ஓட வேண்டும்.

7. மாற்றம் என்ன, கடைக்காரருக்கு அதை எப்படிச் சொல்வது என்பதை ஆதரவுப் பொறுப்பாளர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். திரையில் ஏதேனும் மாறியிருந்தால் நான்கைந்து வரிகளில் தமிழ்க் குறிப்பும் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு பணிக்குப் பொருந்தாத நிபந்தனை இருந்தால், ‘பொருந்தாது’ என்று காரணத்தோடு அட்டையில் எழுதலாம். அதை டெவலப்பர் தனியாக முடிவு செய்யக் கூடாது. சோதனையாளரின் ஒப்புதல் வேண்டும். நேரமில்லை என்பது பொருந்தாமைக்கான காரணம் ஆகாது. ஆய்வுப் பணிகளுக்கு மட்டும் வரையறை வேறு: எழுப்பிய கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் கிடைத்தாலோ, இரண்டு வேலைநாட்கள் கடந்தாலோ அது முடிந்ததாகும்.

பலகையும் வரம்புகளும்

பலகையில் இடமிருந்து வலமாக ஏழு நிரல்கள் இருக்கும். முதலாவது ‘கோரிக்கைகள்’, அதற்கு வரம்பு இல்லை. ‘அடுத்து’ நிரலுக்கு 4, ‘உருவாக்கம்’ 3, ‘ரிவ்யூ’ 2, ‘சோதனை’ 2, ‘வெளியீடு’ 3. கடைசி நிரல் ‘முடிந்தது’. ‘அடுத்து’ நிரலின் வரிசையை ஆதரவுப் பொறுப்பாளர் மட்டுமே தீர்மானிப்பார். அதன் மேல் அட்டையையே எடுக்க வேண்டும்.

அட்டையை யாரும் வலப்பக்கம் தள்ளக் கூடாது. அடுத்த கட்டத்தில் இடம் உள்ளவர் இழுத்துக்கொள்ள வேண்டும். கோடு எழுதி முடித்த அட்டை, ரிவ்யூவில் இடம் கிடைக்கும் வரை ‘உருவாக்கம்’ நிரலிலேயே ‘தயார்’ என்ற குறியோடு நிற்கும், அதன் வரம்பிலும் எண்ணப்படும். சோதனையில் பிழை கண்டால் அட்டை பின்னோக்கிப் போகாது. சோதனை நிரலிலேயே நின்று, எழுதியவர் வேறு எதையும் தொடாமல் முதலில் அதைச் சரிசெய்வார்.

நம்மில் சோதனையாளர் ஒருவரே என்பதால் நெரிசல் அங்கேதான் சேர்கிறது. மூன்று டெவலப்பர்களும் எவ்வளவு வேகமாக எழுதினாலும் அவர் முடிக்கும் வேகத்திலேயே கடைகளுக்கு மாற்றங்கள் போகின்றன. ஆகவே சோதனை நிரல் நிறைந்திருக்கும்போது புதிய அட்டையை எடுப்பது குழுவுக்கு எந்த வகையிலும் உதவாது. அப்போது டெவலப்பர் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்: வெளியீட்டுக்குக் காத்திருப்பதை வெளியிட உதவுவது, பிறர் எழுதிய பணியைச் சோதிப்பது (தன்னுடையதை அல்ல), ரிவ்யூவில் கிடப்பதைப் படிப்பது, கையால் செய்யும் சோதனை ஒன்றைத் தானியங்கியாக மாற்றுவது. இவை எதுவுமே இல்லாத ஒரு பிற்பகல் வந்தால், அவர் சும்மா இருப்பதும் ஏற்கத்தக்கதே. புதிதாக ஒன்றைத் தொடங்கி வைப்பதைவிட அது குழுவுக்குக் குறைந்த செலவு.

கடைக்காரரின் பதிலுக்கோ வெளி நிறுவனத்துக்கோ காத்து நிற்கும் அட்டையில் சிவப்புக் குறியும், யாரிடமிருந்து என்ன வேண்டும் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். அதுவும் வரம்பில் எண்ணப்படும். அதற்குத் தனி நிரல் வைக்க மாட்டோம்; வைத்தால் நின்றுபோன பணிகள் அங்கே ஒளிந்துகொள்ளும். இரண்டு வேலைநாட்களுக்குள் தடை நீங்காவிட்டால், ஆதரவுப் பொறுப்பாளர் நேரில் பேசித் தீர்ப்பார் அல்லது ஐவரும் சேர்ந்து அந்தப் பணியைக் கைவிடுவோம்.

வரம்பை மீற அனுமதி உள்ள ஒரே வகை அவசரப் பணி. ஒரு கடையில் பில் போட முடியாமல் போவது, வரி தவறாகக் கணக்கிடப்படுவது, பதிவான தரவு காணாமல் போவது ஆகிய மூன்று மட்டுமே அவசரம். பெரிய வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார் என்பது ‘அடுத்து’ நிரலில் மேலே ஏறுவதற்குக் காரணமாகலாம், அவசரத்துக்கு ஆகாது. ஒரு நேரத்தில் ஓர் அவசர அட்டை மட்டுமே பலகையில் இருக்கலாம். முடிந்தது என்பதன் வரையறை அதற்கும் பொருந்தும். தமிழ்க் குறிப்பை மட்டும் மறுநாள் எழுதலாம்.

வெளியீடு செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களில் கடைகளில் கூட்டம் குறையும் பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் நடக்கும். சம்பளம் வந்து மாதச் சாமான் வாங்கும் மாதத்தின் முதல் ஐந்து தேதிகளிலும், பொங்கல், தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் அவசரப் பணியைத் தவிர எதையும் வெளியிட மாட்டோம். அந்த நாட்களில் ‘வெளியீடு’ நிரல் நிறைந்து, பின்னால் உள்ளவையும் நிற்கும். அது எதிர்பார்த்ததே, வரம்பை உயர்த்த அது காரணமாகாது.

தினசரிச் சந்திப்பும் மாற்றங்களும்

வேலைநாட்களில் காலை 10 மணிக்குப் பலகையின் முன் 15 நிமிடம் கூடுவோம். ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தார் என்று சொல்லத் தேவையில்லை. வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக அட்டை அட்டையாகப் பார்த்து, ‘இது இன்று நகர என்ன வேண்டும்?’ என்று கேட்போம். உருவாக்கத்தில் நுழைந்த தேதியும் முடிந்த தேதியும் ஒவ்வோர் அட்டையிலும் எழுதப்படும். பத்து வேலைநாட்களைக் கடந்த அட்டை அன்றைய சந்திப்பின் முதல் பொருளாகும்.

வரம்புகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை மட்டுமே மாற்றலாம். ஐவரும் இருக்க வேண்டும். காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நிரலின் எண்ணை மட்டும், ஒன்று கூட்டியோ குறைத்தோ மாற்ற வேண்டும். இரண்டு எண்களை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன விளைந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

முதல் நாள் ஏற்பாடு இது: உருவாக்கத்தில் உள்ள 11 அட்டைகளில் ஆதரவுப் பொறுப்பாளர் மூன்றைத் தேர்வார், மற்ற எட்டும், எழுதிய பகுதி தனிக் கிளையில் பாதுகாக்கப்பட்டு, கோரிக்கைகளுக்குத் திரும்பும். சோதனையில் உள்ள ஆறையும் திருப்பி அனுப்ப இயலாது என்பதால், அந்த எண்ணிக்கை இரண்டாகக் குறையும் வரை தேர்ந்தெடுத்த மூன்றையும் நிறுத்திவைத்து, மூன்று டெவலப்பர்களும் சோதனையிலேயே ஈடுபடுவார்கள். எந்தப் பிரிண்டரை யார் எடுத்துக்கொள்வது என்பதைச் சோதனையாளர் திங்கட்கிழமை காலைச் சந்திப்பில் சொல்வார்.