பாட்டியின் மாத்திரை, பேத்தியின் தோழி

வணக்கம் பிள்ளைகளே. அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் இடத்தில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் ஒரு பேச்சு என் காதுக்கு வரும்: "தூக்கமே வரலையா? எங்க பாட்டி போடுற மாத்திரை இருக்கு, பாதி போட்டுக்கோ." கொடுப்பவளுக்கு நல்ல மனசுதான். அதனால்தான் எனக்குப் பயம்.

இந்த அட்டையைப் பாருங்கள். பாட்டி போடுகிற அந்த மாத்திரை இதுதான், பெயர் ஆல்பிரசோலம். சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை இருக்கிறதா? இதை விற்கும் கடைக்காரர் எந்த டாக்டர் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று நோட்டில் பதிந்து, அந்த நோட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. அவ்வளவு கணக்குப் பார்த்துக் கொடுக்கிற மருந்து, டிபன் பாக்ஸுக்குள் வந்துவிடுகிறது.

பாட்டி அதைப் பல வருடமாகப் போடுகிறார். அவர் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. அவருக்கு வேறென்ன நோய், வேறென்ன மாத்திரை என்று பார்த்துத்தான் டாக்டர் அளவு எழுதியிருப்பார். உங்கள் உடம்புக்கு அது புதிது. பாட்டிக்கு லேசாகக் கண்ணைச் சொக்கவைக்கும் அளவு, உங்களை எழுப்ப முடியாத அளவுக்குக் கொண்டுபோகலாம்.

இந்த மருந்து மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. மூச்சு விடச் சொல்வதும் மூளைதான். சளிக்குப் போடும் சிட்ரிசின், சிலவகை இருமல் மருந்து எல்லாமே தூக்கம் வரவைப்பவை. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் மயக்கம் கூடும். மதுவோ வலுவான வலி மருந்தோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். ராத்திரி என்பதால் வீட்டில் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

அப்புறம், படிப்புக்காகத்தானே போடுகிறீர்கள்? மாத்திரை போட்டபின் படித்தது மனதில் பதியாமல் போகலாம். காலையிலும் மந்தம் இருக்கும். அந்த நிலையில் சைக்கிளில் பெரிய ரோட்டைக் கடப்பதை நினைத்துப் பாருங்கள். தினமும் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்பே வரும்.

சரி, யாராவது போட்டுவிட்டார்கள், கூப்பிட்டால் பதில் இல்லை, குறட்டைபோல் சத்தம் வருகிறது. "நல்லா தூங்குறா" என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். திட்டு விழுமே என்று ஒளித்தால், டாக்டருக்குச் சிகிச்சை பார்க்கும் நேரம்தான் வீணாகும்.

தூக்கம் வராதது உண்மையான கஷ்டம். இரண்டு வாரமாக இப்படி என்றால் வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். மனசு பாரமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, ராத்திரியிலும் பேசுவார்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், மதியச் சாப்பாடு முடியும்வரை நூலகத்தில்தான் இருப்பேன்.