அம்மன் துணை: புதிய தலைமைப் பூசாரி அறிவிப்பு

நம் கோயில் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

ஆடி அமாவாசையன்று நம் பெரிய பூசாரி ஐயா அம்மன் திருவடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நிர்வாகக் குழுவும் பெரியவர்களும் கூடிப் பேசினோம். எல்லோரும் ஒரே மனதாக, ஐயாவின் தங்கை மகனான, நாம் சின்னப் பூசாரி என்று அழைப்பவரையே தலைமைப் பூசாரியாக ஏற்றிருக்கிறோம். ஐயாவின் விருப்பமும் அதுதான். கண்மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, இடுப்பு லுங்கியில் எப்போதும் முடிந்து வைத்திருக்கும் கருவறைச் சாவியை அவிழ்த்து, மருமகன் கையில் தாமே கொடுத்தார்.

ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1964-இல் நம் சனம் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக ஊர் திரும்பியபோது, "அம்மனுக்கு யார் விளக்கேற்றுவது?" என்று கேட்டு இங்கேயே தங்கிவிட்டவரின் பிள்ளை அவர். தமிழ்ப் பள்ளிகள் இல்லாமல் போன பிறகு, இந்தக் கோயில் திண்ணையில்தான் நம்மில் பலர் அவரிடம் அ, ஆ எழுதிப் பழகினோம். இந்த அறிவிப்பை எழுதும் எனக்கும் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் அவரே.

2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்த ராத்திரி கோயில் கூரைத் தகரம் பறந்துவிட்டது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், ஐயா கருவறையில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறார். விளக்கின் மேல் ஒரு தகர வாளியைச் சாய்த்துப் பிடித்திருந்தார். வாளியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த இருபத்து நாலு வயதுப் பையன்தான் இன்றைய புதிய பூசாரி.

சிலர் மனதில் ஒரு கவலை இருப்பது எங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போகும் காலம் இது, இவரும் போய்விட்டால்? நேரடியாகவே கேட்டோம். "மாமா உட்கார்ந்த இடத்தை விட்டு நான் எங்கே போவேன்?" என்றார். எங்களுக்கு அது போதும்.

சரி, கோயில் காரியங்களில் எதுவும் மாறாது. காலை, மாலைப் பூசை அதே நேரம்தான். கரண்ட் இல்லாவிட்டாலும் மாலைப் பூசை நிற்காது. வெள்ளிக்கிழமை அன்னதானமும் சனிக்கிழமை தமிழ் வகுப்பும் தொடரும். தீமிதிக்குக் காப்பு கட்டுவதும் பழைய முறைப்படியே. ஐயாவிடம் நேர்ந்துகொண்டு இன்னும் செலுத்தாதவர்கள் பயப்பட வேண்டாம். வேண்டுதல் அம்மனுக்கு, புதிய பூசாரியிடம் வந்து சொன்னால் முறையாகச் செய்து வைப்பார். உண்டியல் சாவி எப்போதும்போலக் குழுவில் இருவரிடம் இருக்கும்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் பொறுப்பேற்று முதல் பூசை செய்கிறார். அப்புறம் ஐயாவின் நினைவாக அனைவருக்கும் சாப்பாடு. குடும்பத்தோடு வாருங்கள். முடிந்தவர்கள் ஒரு படி அரிசியோ விளக்கெண்ணெயோ கொண்டுவரலாம்; வெறுங்கையோடு வந்தாலும் சந்தோஷமே.

நிர்வாகக் குழுவுக்காக,
செயலாளர்
யாங்கோன்