கரித்துணி, வாளி, ஒரே ஒரு முற்று

போன ஞாயித்துக்கிழமை நம்ம வாசிப்பு வட்டத்துல குடுத்த அந்தத் தலைப்பில்லாத கவிதையைப் பத்தி அன்னிக்கே பேசணும்னு இருந்தேன், நேரம் பத்தல. அதுக்கப்புறம் வீட்ல உட்கார்ந்து நாலஞ்சு தடவை படிச்சுட்டேன், இப்பவும் மனசை விட்டுப் போக மாட்டேங்குது, அதான் எழுதிடறேன்.

மொத்தம் 31 வரி. ஒரு அம்மாவோட ஒரு நாள், அவ்ளோதான். ஆனா அம்மாங்கிற வார்த்தையே ரொம்ப நேரத்துக்கு வராது. "எழுந்து / கதவு திறந்து / வாளியை நிமிர்த்தி"ன்னு ஆரம்பிக்குது, அப்புறம் நிரப்பி, கூட்டி, துடைச்சு, அலசி, பிழிஞ்சு, உதறின்னு எல்லாம் வினையெச்சமாவே போயிட்டே இருக்கு, எங்கயும் நிக்கல. நாம ஸ்கூல்ல படிச்சோமே, செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள்னு ஆறையும் வினை தரும்னு நன்னூல் சொல்லும். இந்தக் கவிதையில கருவி இருக்கு, செயல் இருக்கு, செய்பொருள் இருக்கு, செய்யற ஆள் மட்டும் இல்ல. வினையெச்சத்துல ஆணா பொண்ணா, ஒருத்தரா பல பேரான்னு எதுவும் தெரியாதுல்ல, அதை எழுதினவங்க நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்காங்க. வாளியைப் பாக்கறோம், விளக்குமாறைப் பாக்கறோம், அதைப் பிடிச்சிருக்கற கை யாரோடதுன்னு 18 வரி வரைக்கும் யாரும் கேக்கல. வீட்லயும் அப்படித்தானே கேக்காம இருந்தோம்.

19ஆவது வரியில "கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள்"னு வருது. மொத்தக் கவிதைக்கும் முற்றா வர்ற வினை அது ஒண்ணுதான். அந்த 'ஆள்' விகுதி வந்து விழுந்த அப்புறம்தான் இங்க ஒரு பொம்பள இருக்காங்கங்கிறதே தெரியுது, அதுவும் வேலை செய்யறப்ப இல்ல, உட்கார்றப்ப. நான் அந்த வரியைப் படிச்சுட்டு பேப்பரைக் கீழ வெச்சுட்டேன். அடுத்த வரியே "யாரோ கூப்பிட எழுந்து", திரும்ப எச்சம் ஆரம்பிச்சிடுது.

நேரத்தைக் காட்டற விதமும் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கடிகாரமே கிடையாது. காலையில எல்லாமே ஈரம், தரை ஈரம், துணி ஈரம், கை ஈரம். மத்தியானம் தரை காஞ்சு கொடியில துணி விறைச்சு நிக்குது. சாயங்காலம் மடிக்கிற துணியா வருது, ராத்திரி அடுப்புச் சூடு ஆறுது. இவ்ளோ போதும், ஒரு நாள் முழுசா போயிடுச்சுன்னு நமக்குத் தெரிஞ்சிடுது.

கரித்துணி வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் நின்னு பாருங்க. ஒரு காலத்துல சட்டையா இருந்த துணி, ஓரத்துல கருகின ஓட்டை, பொத்தானை வெட்டி எடுத்த இடத்துல நூல் நீட்டிட்டு இருக்கு. அதுக்கு மூணு வரி தள்ளி "என் சட்டைப் பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து"ன்னு வருது. பழைய சட்டையில வெட்டின பொத்தான்தான் இங்க தைக்கற பொத்தான். கவிதையில 'என்'னு வர்ற ஒரே இடமும் அதான், பிள்ளைதான் பேசறான்னு அங்கதான் புரியும். இதைப் படிச்சதும் எனக்கு எங்கம்மாவோட கத்தி ஞாபகம் வந்துடுச்சு. தீட்டித் தீட்டி நடுவுல உள்வாங்கி பிறை மாதிரி ஆயிருக்கும், எத்தனை வருஷம் அதைப் பாத்திருக்கேன், அது எப்படித் தேஞ்சுதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

ஒரே ஒரு குறை, அதை மறைக்காம சொல்லிடறேன், எழுதினவங்க தப்பா எடுத்துக்க வேணாம். 27, 28ஆம் வரியில "அம்மா, நீ தேயும் தெய்வம்"னு வருது. அது வரைக்கும் நாமளா கண்டுபிடிச்சு கலங்கிட்டு இருந்ததை அங்க எடுத்துச் சொல்லிட்டாங்க. தெய்வம்னு சொன்னதும் அவங்க வாளிமேல உட்கார்ந்த பொம்பளையா இல்லாம படமா மாட்டின ஆளா ஆயிடறாங்க, தெய்வத்துக்கு முதுகு வலிக்காதுல்ல. அந்த ரெண்டு வரியை எடுத்துடுங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன், 29 வரியா இருந்தா போதும்.

கடைசி ரெண்டு வரி "வாளியைக் கவிழ்த்து / விளக்கை அணைத்து". அதுலயும் முற்று இல்ல, முற்றுப்புள்ளியும் இல்ல. மூணாவது தடவை படிக்கிறப்பதான் கவனிச்சேன், முதல்ல நிமிர்த்தின வாளி ராத்திரி கவிழ்த்து வெச்ச அதே வாளி. அணைச்சுங்கிறதுல இருந்து நேரா எழுந்துங்கிறதுக்குப் போய் படிச்சுப் பாருங்க, நடுவுல தூக்கம்னு ஒரு வார்த்தை கூட கிடையாது.