பேத்திக்குப் பெயர் சூட்டுகிறோம்

அன்புள்ள உறவுகளே,

எங்கள் மகன் கஜன், மருமகள் தர்சினியின் செல்ல மகளுக்கு 31ஆம் நாள். ஆவணி 15 (31.08.2025), ஞாயிறு காலை 10 மணிக்கு வட்டக்கச்சி வீட்டில் பெயர் சூட்டுகிறோம்.

அப்பம்மாவின் கூறைச்சேலைதான் ஏணை. முதிரை வளையில் கட்டியாயிற்று. பெயரை அன்றுதான் சொல்வோம், அதற்கு முன் கேட்டு நச்சரிக்க வேண்டாம்!

ஊரில் இருப்பவர்கள் மதியம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த எங்கள் வயல் அரிசிச் சோறு, எருமைத் தயிர்.

லண்டனில் அப்போது அதிகாலை 5.30. டொரன்டோவில் சனி நள்ளிரவு தாண்டி 12.30, தூங்கிவிடாமல் வாட்ஸ்அப் வீடியோவில் வாருங்கள். பொதி ஒன்றும் அனுப்ப வேண்டாம், உங்கள் முகம் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
அப்பப்பா, அப்பம்மா
வட்டக்கச்சி, கிளிநொச்சி